அடைப்புக்குறிக்குள் இருந்த எண்

2021 ஏப்ரலில், தில்லி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நாள்களில், எய்ம்ஸ் மருத்துவமனையும் ஐ.சி.எம்.ஆர். பணிக்குழுவும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கண்காணிப்புக் குழுவும் இணைந்து ஒற்றைப் பக்க வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. கோவிட் நோயாளிக்கு இரத்த ஆக்சிஜன் செறிவு 92 முதல் 96 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. அதே வரியில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண்ணும் உண்டு: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை.

அந்தப் பக்கம் கைப்பேசிகளில் பகிரப்பட்டது. ஆனால் மக்கள் மனத்தில் தங்கியது '94க்குக் கீழே போனால் ஆபத்து' என்ற ஒன்று மட்டுமே. அடைப்புக்குறிக்குள் இருந்த எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சுவாச உடலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற நானும், தேவைப்பட்ட நேரத்தில் அதை நினைவுகூரவில்லை. இந்தப் பதிவுக்குக் காரணம் அதுதான்.

நான் குடியிருப்பது ஆர்.கே.புரத்தில், தமிழ்ச் சங்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில். எதிர்வீட்டு அக்கா மத்திய அரசு ஊழியர். அவருடைய தாயாருக்கு எழுபத்தொரு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விறகடுப்பில் சமைத்தவர். பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. சி.ஓ.பி.டி. என்றதும் புகைபிடிக்கும் ஆணை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள், நம் நாட்டில் இந்நோயுள்ள பெண்களில் பலருக்கு அடுப்புப் புகையே காரணம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அவர் நன்றாக இருக்கும் நாள்களில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 89 அல்லது 90 காட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த சீட்டில் ஆக்சிஜன் பற்றி ஒரே வரி: 'தேவைப்பட்டால் நிமிடத்துக்கு 2 லிட்டர்'. எந்த எண்ணுக்குக் கீழே போனால் தேவை, எந்த எண்ணை எட்டினால் போதும் என்பது எழுதப்படவில்லை. கோவிட் காலத்தில் உறவினர் ஒருவர் வாங்கிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், கைமாறிக் கைமாறி இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

கடந்த நவம்பரில், வெளியே புகைமூட்டம் கண்ணை எரித்த ஒரு மாலையில், அவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்தன. செறிவு 83. இயந்திரத்தை இரண்டு லிட்டரில் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் 89 ஆயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் 89 என்பது நல்ல எண்ணாகத் தோன்றவில்லை. மூன்று, நான்கு, கடைசியில் ஐந்து லிட்டர். இரவு பத்து மணிக்கு இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என்னை அழைத்தார்கள். "தம்பி, இப்ப தொண்ணூத்தேழு வந்திருச்சு. அம்மாவும் நல்லாத் தூங்குறாங்க" என்றார் அக்கா. நான் திரையைப் பார்த்தேன், SpO2 97. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டேன், குழாயில் மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், "சரியாத்தான் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் எழுப்பினால் அம்மா எழவில்லை. உலுக்கினால் கண் திறந்தார், தலை வலிக்கிறது என்றார், மகளை இறந்துபோன தங்கை பெயரால் அழைத்தார், மீண்டும் உறங்கிவிட்டார். கைகள் நவம்பர்க் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தன. நாடி ஓங்கித் துடித்தது. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது மணிக்கட்டு பறவைச் சிறகுபோல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டது. இவை அனைத்தும் கரியமில வாயு உடலில் தேங்கியதன் அடையாளங்கள். மருத்துவ மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே படிப்பவை. ஆக்சிமீட்டரோ 98 காட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் தமனி இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். கரியமில வாயுவின் அழுத்தம் 86 மில்லிமீட்டர் பாதரசம். நலமுள்ளவருக்கு அது 35 முதல் 45 வரை இருக்கும். இரத்தத்தின் பி.எச். 7.21, இருக்க வேண்டியது 7.35க்கு மேல். பைகார்பனேட் 34. இந்தக் கடைசி எண் ஒரு பழைய கதையைச் சொல்கிறது. பைகார்பனேட் ஓர் இரவில் இந்த அளவுக்கு உயர்வதில்லை. பல மாதங்களாகவே கரியமில வாயு சற்று மிகுந்திருந்ததையும், சிறுநீரகங்கள் அதற்கு ஈடுகட்டி வந்ததையும் அது காட்டுகிறது. முன்பு அவருடைய அழுத்தம் 55-60 அளவில் இருந்திருக்கும். அதை ஓர் இரவில் 86 ஆக்கியதில் நோயின் பங்கு உண்டு. நாங்கள் திருகிய குமிழின் பங்கும் உண்டு.

மிகுதியான ஆக்சிஜன் எப்படிக் கரியமில வாயுவை ஏற்றுகிறது? நமது வகுப்பறைகளில் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிக்கொடுக்கப்படுகிறது: இந்நோயாளிகள் ஆக்சிஜன் குறைவின் தூண்டுதலால்தான் மூச்சு விடுகிறார்கள், ஆக்சிஜனைக் கொடுத்தால் தூண்டுதல் போய்விடும், மூச்சு நின்றுவிடும். எளிதாக நினைவில் நிற்கும் விளக்கம்தான். ஆனால் பெரும்பாலும் அது மட்டும் காரணமன்று. 1980இல் ஓபியேயும் உடன் ஆய்ந்தவர்களும் கடும் மூச்சுத் தோல்வியில் இருந்த 22 சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குத் தூய ஆக்சிஜன் கொடுத்து அளந்தார்கள். பதினைந்து நிமிட முடிவில் நோயாளிகள் உள்ளிழுத்த மொத்தக் காற்று, தொடக்க அளவின் 93 விழுக்காடாக இருந்தது. அதாவது மூச்சு ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆனால் கரியமில வாயுவின் அழுத்தமோ சராசரியாக 23 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. மூச்சின் சிறு குறைவு இவ்வளவு பெரிய ஏற்றத்தை விளக்காது. சில நோயாளிகளிடம் மூச்சு உண்மையாகவே தளர்வதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கதையின் மையம் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த மையம் நுரையீரலின் ஒரு சிக்கன ஏற்பாடு. சளியும் சுருக்கமும் அடைத்த மூச்சுச் சிறுகுழல்களின் கடைசியில் இருக்கும் காற்றறைகளுக்குப் புதுக்காற்று சரியாகப் போவதில்லை. அங்கே ஆக்சிஜன் குறைந்ததும், அவற்றைச் சூழ்ந்த இரத்தக்குழாய்கள் தாமாகவே இறுகுகின்றன. காற்று வராத அறைக்கு இரத்தத்தை அனுப்புவது வீண் என்பதால், இரத்தம் காற்றோட்டம் நன்றாக உள்ள அறைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. சேதமுற்ற நுரையீரலைக் கொண்டு இந்த அம்மா இத்தனை ஆண்டுகள் காலம் தள்ளியது இந்த ஏற்பாட்டினால்தான். நாம் ஐந்து லிட்டர் ஆக்சிஜனைச் செலுத்தும்போது அடைபட்ட அறைக்குள்ளும் ஆக்சிஜன் மெல்ல நிரம்புகிறது. ஆக்சிஜன் வந்துவிட்டதென்று இரத்தக்குழாய் தளர்கிறது. இரத்தம் அங்கே பாய்கிறது. ஆனால் அந்த அறையிலிருந்து கரியமில வாயுவை வெளியேற்றுவதற்கான காற்றோட்டம் முன்போலவே இல்லை. கொண்டுவந்த கரியமில வாயுவைச் சுமந்தபடியே இரத்தம் திரும்பிப் போகிறது. மறுபுறம், நல்ல அறைகளுக்கு வந்த இரத்தம் குறைந்துவிட்டதால் அங்கே போகும் காற்றின் ஒரு பகுதி பயனற்றுப் போகிறது.

இதனுடன் ஹால்டேன் விளைவும் சேர்கிறது. ஆக்சிஜனைச் சுமக்காத ஹீமோகுளோபின், கரியமில வாயுவைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் அதைக் கைவிடும். கைவிட்ட வாயுவை நாமாக இருந்தால் இரண்டு மூச்சு கூடுதலாக விட்டு வெளியேற்றிவிடுவோம். மூச்சு விடுவதிலேயே களைத்துக் கிடக்கும் நோயாளியால் அது இயலாது.

இவ்வளவு விலை கொடுத்து நாங்கள் வாங்கியது என்ன என்று பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 14 கிராம் என்று கொள்வோம். செறிவு 90 ஆக இருக்கும்போது நூறு மில்லி லிட்டர் இரத்தம் ஏறத்தாழ 16.9 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. 98 ஆக இருக்கும்போது 18.4. கூடுதல் ஒன்றரை மில்லி லிட்டர்தான். ஆக்சிஜன் பிணைப்பின் வளைகோடு 90க்கு மேல் தட்டையாகிவிடுவதால் அதற்கு மேல் ஏறுவதில் ஆதாயம் குறைவு. 88க்குக் கீழே அதே கோடு செங்குத்தாகச் சரிகிறது. அங்கே சிறு தவறும் பெரிய இழப்பாகும். 88-92 என்ற வரம்பு யாரோ ஒருவரின் சமரசம் அன்று. அந்த வளைகோட்டின் தோள்பட்டையில் நிற்கும் இடம் அது.

இந்த அறிவு புதிதும் அன்று. காம்பெல், அளவறிந்து ஆக்சிஜன் கொடுக்கும் வென்டுரி மாஸ்க்கை லான்செட் இதழில் விவரித்தது 1960இல். 24 விழுக்காடு, 28 விழுக்காடு என்று காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு கலக்கிறது என்பதை அது நிலைப்படுத்தித் தரும். மூக்குக்குழாயில் இது இயலாது. 'இரண்டு லிட்டர்' என்பது குழாய்க்குள் ஓடும் அளவு மட்டுமே. நோயாளி வேகமாக மூச்சு வாங்கினால் வெளிக்காற்று மிகுதியாகக் கலக்கும், உறங்கினால் குறைவாகக் கலக்கும். அதனால்தான் லிட்டரில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு பாதிச் சீட்டு என்கிறேன்.

சான்று போதாது என்று சொல்பவர்களுக்கு டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வு இருக்கிறது. 2010இல் பி.எம்.ஜே. இதழில் வெளிவந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 பேர், கடும் மூச்சுத்திணறலும் சி.ஓ.பி.டி. ஐயமும் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் மாஸ்க்கில் 8-10 லிட்டர். மறு பிரிவினருக்கு மூக்குக்குழாயில் 88-92 வரம்புக்குள். முதல் பிரிவில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 4 விழுக்காட்டினர். நோய் உறுதிசெய்யப்பட்ட 214 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் 9க்கு 2. இரண்டாம் பிரிவினர் பலருக்குப் பழக்கத்தின் காரணமாக மிகை ஆக்சிஜனே கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு. ஆம்புலன்ஸில் கழிந்த சிறு பொழுதில் குமிழை எங்கே வைத்தார்கள் என்பது மட்டுமே இதில் மாற்றம்.

இந்த வாதத்தை எங்கள் துறைக் கருத்தரங்கில் முன்வைத்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் கடுமையாக மறுத்தார். "ஒரு செவிலியர் நாற்பது பேரைப் பார்க்கும் இரவு வார்டில் 88-92 என்று எழுதினால் நோயாளி 80இல் கிடப்பார். ஆக்சிஜன் மிகுந்தால் மணிக்கணக்கில் ஆகும், குறைந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும்" என்றார். அவர் சொன்னதில் இரண்டாம் பகுதி முழு உண்மை. சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜனே நஞ்சு என்று பாதியாகக் கேட்டுக்கொண்டு, 75 காட்டும் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கத் தயங்கிய பயிற்சி மருத்துவர்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது இதைவிடக் கொடிய பிழை. வரம்புக்கு இரு முனைகள் உண்டு; கீழ்முனையே முதலில் காக்கப்பட வேண்டியது.

ஆனால் ஆள் பற்றாக்குறை மிகை ஆக்சிஜனுக்குச் சார்பான வாதம் ஆகாது என்றே கருதுகிறேன். கவனிக்க ஆளில்லாத வார்டில் 98இல் படுத்திருப்பவரின் நிலை கூடுதல் ஆபத்தானது. ஆக்சிமீட்டர் கரியமில வாயுவை அளப்பதில்லை. ஆக்சிஜன் தாராளமாக ஓடும்போது மூச்சு பாதியாகத் தளர்ந்தாலும் திரையில் எண் அசையாது, அலாரம் அடிக்காது. 90இல் வைத்திருக்கும் நோயாளி மோசமானால் எண் உடனே சரிந்து நமக்குச் சொல்லிவிடும். அந்த இரவு நான் பார்த்த 97, அம்மா நலமாக இருந்ததைக் காட்டவில்லை. அவர் மூச்சு தளர்ந்துகொண்டிருந்ததை மறைத்தது.

வரம்புக்குள் வைப்பதிலும் எச்சரிக்கைகள் உண்டு. கருமை மிகுந்த தோலில் ஆக்சிமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் போக்கு 2020க்குப் பின் அமெரிக்க ஆய்வுகளில் தெளிவாயிற்று. நம்மில் பலருக்கு இது பொருந்தக்கூடும். ஆகவே 88இல் நிற்பதைவிட 90இல் நிற்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. விரைத்த விரல், மருதாணி, நகப்பூச்சு ஆகியவையும் எண்ணைக் கெடுக்கும். தில்லிக் குளிரில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைபெறும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு இயல்பாக இருந்தால் 94-98க்கு உயர்த்தலாம் என்று பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கத்தின் வழிகாட்டி இடம் தருகிறது. ஆனால் 2021இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அத்தகைய நோயாளிகளிடமும் 92க்கு மேல் இருந்தவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. உற்றுநோக்கல் ஆய்வுதான், முடிந்த முடிவன்று. இருந்தாலும் நோய் தீவிரமாக இருக்கும்போது எல்லாச் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கும் ஒரே வரம்பு என்பதே பிழைக்கு இடம் குறைந்த வழி என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

அன்று காலை அந்த இளம் மருத்துவர் செய்ததைச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அக்கா பதறி, "அப்ப ஆக்சிஜனை எடுத்துருங்க டாக்டர்" என்றார். அவர் எடுக்கவில்லை. உடலில் தேங்கிய கரியமில வாயு வெளியேற மணிக்கணக்கில் ஆகும். ஆக்சிஜனோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். காற்றறையில் இருக்கும் இடத்தைக் கரியமில வாயு அடைத்துக்கொண்டிருக்கும்போது வெளிக்காற்றில் விட்டால் என்ன ஆகும் என்பதை எளிய கழித்தலில் காணலாம். உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 150. அதிலிருந்து கரியமில வாயு அழுத்தத்தை 0.8ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். 56 ஆக இருந்த நாளில் காற்றறையில் 80 மிஞ்சும். 86 ஆக இருக்கும் இன்று மிஞ்சுவது 42 மட்டும்; தமனிக்குப் போய்ச் சேர்வது அதனினும் குறைவு. ஆக்சிஜன் தொடங்குவதற்கு முன் இருந்த நிலையைவிட மோசமான நிலைக்கு நோயாளி விழுவார். ஆகவே அவர் ஐந்தை இரண்டாக்கினார், விரலைப் பார்த்தபடி நின்றார், பிறகு ஒன்றாக்கினார். 91இல் நிறுத்தினார். மூச்சுக்குத் துணைசெய்யும் பை-பேப் கருவியை முகத்தில் பொருத்தினார். நெபுலைசர் மருந்தை ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்றுக் கம்ப்ரஸரில் ஓட்டச் சொன்னார். இதைக் கவனிக்காத இடங்களில், குழாயில் ஒரு லிட்டர் என்று கட்டுப்படுத்திவிட்டு நெபுலைசர் வழியே ஆறு எட்டு லிட்டர் ஆக்சிஜனைச் செலுத்திக்கொண்டிருப்பார்கள்.

நான்கு மணி நேரத்தில் பி.எச். 7.30, கரியமில வாயு 67. மாலையில் அம்மா கண் திறந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சாப்பிட்டியா?"

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். இம்முறையும் அச்சிட்ட சீட்டில் ஆக்சிஜனுக்கு எதிரே இருந்த கட்டத்தில் 'லிட்டர் / நிமிடம்' என்று மட்டுமே இருந்தது. வரம்பு எழுத இடமே இல்லை. நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று கேட்கும் படிவம், எந்த அளவை எட்ட வேண்டும் என்று கேட்பதில்லை. இன்சுலினுக்கு அப்படி ஒரு படிவத்தை எந்த மருத்துவரும் ஏற்றுக்கொள்ளமாட்டார். பிரிட்டனில் இத்தகைய நோயாளிகளிடம் ஓர் எச்சரிக்கை அட்டை தரப்படுகிறது. ஆம்புலன்ஸ் வந்தால் அதைக் காட்ட வேண்டும், அதில் அவருக்கான வரம்பு எழுதியிருக்கும். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. எய்ம்ஸின் பெயரைத் தாங்கிய அந்த 2021 வழிகாட்டியிலேயே எண் இருக்கிறது. அதை அடைப்புக்குறியிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டையில் அச்சிட்டால் போதும். மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் வார்டின் ஆக்சிஜன் சீட்டுகளில் எத்தனையில் வரம்பு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நல்ல ஆய்வுக் கட்டுரைக்கும் அது பொருளாகும்.

அந்த இளம் மருத்துவர், கட்டம் இல்லாததால், சீட்டின் ஓரத்தில் பேனாவால் '88-92' என்று எழுதிச் சுழித்திருந்தார். அக்கா அதைப் பார்த்து இயந்திரத்தின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். '87 - கால் மணி பார், அப்புறம் அரை லிட்டர் கூட்டு. 93 - அரை லிட்டர் குறை. இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டியிருந்தால் மருத்துவமனை. அதிகத் தூக்கம், காலைத் தலைவலி - எண் என்னவானாலும் மருத்துவமனை.' கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.